முள்ளோடைக்கு அந்தப் பக்கம் யார் கையெழுத்து?

என் அக்காவைப் பாகூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பஸ் ஏறி, பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி, முள்ளோடை, கன்னியக்கோவில் என்று போனால் ஒரு மணி நேரத்துக்குள் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடலாம். நடுவில் ஒரு எல்லை இருக்கிறது. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். வரிசையாக ஒயின் ஷாப் பலகைகள் வந்தால் எல்லை தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

பல வருடங்களாக அக்காவுக்கு ஒரே கேள்விதான். "ஏன்டா தம்பி, உங்க ஊர்ல ரேஷன்ல அரிசி போடுறாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் பேங்க்ல இருந்து மெசேஜ் வருது? நாங்களும் ஓட்டுப் போட்டுத்தானே முதலமைச்சரை வைச்சிருக்கோம்?" ரேஷன் கடை பூட்டிக் கிடக்கும். கணக்கில் எப்போதாவது முன்னூறோ அறுநூறோ விழும். ஆனால் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் அரிசி தருவோம் என்றுதான் பேசியிருக்கும்.

அரிசியைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அவள் கேட்டது கூட்டாட்சிக்கும் ஒற்றையாட்சிக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வியைத்தான். அதற்கு அமெரிக்காவையும் பிரான்சையும் ஒப்பிட்டுப் பதில் சொல்வது வழக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இந்தியா என்ற ஒரே நாட்டுக்குள், பெண்ணையாற்றை ஒட்டிய ஒரு கோட்டின் தென்பக்கம் பெருமளவு கூட்டாட்சி முறையும், வடபக்கம் ஏறத்தாழ ஒற்றையாட்சி முறையும் நடக்கின்றன. இரண்டு பக்கமும் சட்டமன்றம், முதலமைச்சர், அமைச்சரவை எல்லாம் இருப்பதால் வித்தியாசம் வெளியே தெரிவதில்லை.

ஒற்றையாட்சி என்றால் எல்லா முடிவையும் தலைநகரிலேயே எடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஒற்றையாட்சி நாடுகளிலும் வட்டார சபைகள் உண்டு, தேர்தல் உண்டு, சில இடங்களில் நிறைய அதிகாரமும் உண்டு. அந்த அதிகாரம் யார் கொடுத்தது, கொடுத்தவர் தன்னிச்சையாகத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டாட்சியில் மேலே இருக்கிற அரசும் கீழே இருக்கிற அரசும் தங்கள் அதிகாரத்தை ஒரே அரசியல் சட்டத்திலிருந்து பெறுகின்றன. ஒன்று மற்றதன் பங்கைத் தனியாகக் குறைக்க முடியாது. இரண்டுக்கும் தகராறு வந்தால் மூன்றாவது ஆளான நீதிமன்றம் தீர்க்கும். ஒற்றையாட்சியில் மேலே இருக்கும் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுக் கீழே கொடுக்கிறது. வேண்டாம் என்றால் இன்னொரு சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளும். தகராறு வந்தால் கடைசி வார்த்தை கொடுத்தவருடையதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு முதலில் கடலூர்ப் பக்கத்தைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 246-ஆம் பிரிவிலும் ஏழாவது அட்டவணையிலும் இருக்கிறது. மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று நாம் பள்ளியில் படித்தது அதுதான். அந்தப் பட்டியலில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை வேண்டும். அத்துடன் மாநிலச் சட்டமன்றங்களில் பாதியாவது ஒப்புதல் தர வேண்டும்.

புதுச்சேரிச் சட்டமன்றம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 1962-இல் 14-ஆவது திருத்தம் 239ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிக்கொள்ள"லாம்" என்கிறது அது. அதன்படி வந்ததுதான் 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டம். 239ஏ-யின் இரண்டாவது உட்பிரிவு ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. அப்படிப் போடும் சட்டத்தை அரசியல் சட்டத் திருத்தமாகக் கருத வேண்டியதில்லை. ஆக, புதுச்சேரிச் சட்டமன்றத்தின் அதிகாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ சாதாரணப் பெரும்பான்மை போதும். புதுச்சேரியைக் கேட்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

அந்த 1963 சட்டத்தை மேலோட்டமாகப் படித்தால் எல்லாம் மாநிலம் மாதிரியே இருக்கும். மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் இரண்டிலும் சட்டம் இயற்றலாம் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. டெல்லிக்குப் போலீசும் நிலமும் கிடையாது, புதுச்சேரிக்கு அந்தத் தடைகூட இல்லை. சரி, தாராளம்தானே என்று தோன்றும். அப்புறம் 21-ஆம் பிரிவு வரும். புதுச்சேரிச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டமும் மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும், அது மாநிலப் பட்டியல் விஷயமாக இருந்தாலும். 27-ஆம் பிரிவின்படி பட்ஜெட்டைச் சட்டமன்றத்தில் வைப்பதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வாங்க வேண்டும். 45-ஆம் பிரிவின்படி முதலமைச்சரையே குடியரசுத் தலைவர்தான் நியமிக்கிறார். கடைசியில் 50-ஆம் பிரிவு: இந்தச் சட்டத்தில் வேறு எது இருந்தாலும், துணைநிலை ஆளுநரும் அவருடைய அமைச்சரவையும் குடியரசுத் தலைவரின் பொதுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள், அவர் தரும் உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிய வேண்டியவர்கள். இங்கே குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் டெல்லியில் இருக்கும் மத்திய உள்துறை அமைச்சகம்.

ஆனாலும் தினசரி ஆட்சியில் உறுத்துவது 44-ஆம் பிரிவுதான். அமைச்சரவை துணைநிலை ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும் என்று ஆரம்பிக்கிறது அது. இருவருக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு வந்தால் அவர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து வரும் முடிவின்படி நடக்க வேண்டும். அவசரம் என்று அவர் நினைத்தால் முடிவு வரும்வரை தானே நடவடிக்கை எடுக்கலாம். முதலில் பேசிப் பாருங்கள், தீராவிட்டால் அமைச்சரவையின் பார்வைக்கு வையுங்கள், அதற்கும் பிறகுதான் டெல்லிக்கு அனுப்புங்கள் என்று அலுவல் விதிகள் ஒரு வரிசை வைத்திருக்கின்றன. ஆனால் துணைநிலை ஆளுநரை நியமிப்பதும் மத்திய அரசு, அவருக்கும் அமைச்சரவைக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வதும் மத்திய அரசு.

அக்காவின் அரிசிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் போடுகிறார்கள். அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று பார்த்தால் கதையே கிடையாது. ஆட்சிக்கு வந்த அரசு முடிவு செய்தது, பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியது, ஆளுநர் பெயரில் அரசாணை போட்டது. ஆளுநர் பெயரில் என்பது சடங்கு மட்டுமே. அமைச்சரவை சொல்கிறபடிதான் ஆளுநர் நடக்க வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர என்று 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரிசி கொடுப்பதா பணம் கொடுப்பதா என்ற ஃபைல் கிண்டி ஆளுநர் மாளிகைக்குப் போய்க் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

புதுச்சேரியில் 2015 செப்டம்பரிலேயே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தானியத்துக்குப் பதில் பணம் போடும் முறை வந்துவிட்டது. சண்டிகரோடு சேர்த்து முதலில் சோதனை செய்த இடங்களில் இதுவும் ஒன்று. அதற்கு மேல் மாநில அரசு தன் காசில் கொடுக்கும் இலவச அரிசி தனி: வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் சிவப்பு கார்டுக்கு 20 கிலோ, மற்றவர்களின் மஞ்சள் கார்டுக்கு 10 கிலோ. நாராயணசாமி தலைமையிலான அமைச்சரவை அதை அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்றது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணமாகக் கொடுக்க வேண்டும் என்றார். அந்தக் கணக்கில் சிவப்பு கார்டுக்கு மாதம் 600 ரூபாய், மஞ்சள் கார்டுக்கு 300.

பணம் நல்லதா அரிசி நல்லதா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அரிசி கொள்முதலில் தரம் குறையும், கமிஷன் போகும் என்பது ஒரு வாதம். 600 ரூபாய்க்கு வெளிக்கடையில் 20 கிலோ நல்ல அரிசி கிடைக்காது, பணம் வீட்டுப் பெண்கள் கைக்கு வராமலே செலவாகிவிடும் என்பது இன்னொரு வாதம். என் அக்கா இரண்டாவது கட்சி. ஆனால் நமக்கு இங்கே வேண்டியது எது சரி என்பது அல்ல, யார் முடிவு செய்தார் என்பது. துணைநிலை ஆளுநர் 44-ஆம் பிரிவின்படி விஷயத்தை டெல்லிக்கு அனுப்பினார். டெல்லி பணம்தான் என்றது. முதலமைச்சர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கருத்து வேறுபாடு வந்தால் மத்திய அரசின் முடிவே இறுதி என்று சட்டம் சொல்வதால் 2020-இல் மனு தள்ளுபடியானது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை தன் பட்ஜெட் பணத்தில் எந்தப் பொருளைக் கொடுக்கலாம் என்பதுவரை மேலே போய் முடிவாகும்படித்தான் சட்டத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த இழுபறிக்கு ஒரு எல்லை போட நீதிமன்றத்தில் முயற்சியும் நடந்தது. 2019 ஏப்ரல் 30-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, துணைநிலை ஆளுநர் அரசின் அன்றாட நடவடிக்கையில் தலையிடக் கூடாது என்று தீர்ப்பளித்தார். புதுச்சேரியில் பட்டாசு வெடித்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இருவரும் இணைந்து செயல்பட வேண்டும், வேறுபாடு வந்தால் மத்திய அரசிடம் போகலாம் என்பதுதான் அதன் சாரம்.

அரிசிக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால், அது ஒரு துணைநிலை ஆளுநருக்கும் ஒரு முதலமைச்சருக்கும் நடந்த தனிப்பட்ட சண்டை என்று யாராவது சொல்லலாம். அந்த நாட்களில் முதலமைச்சர் துணைநிலை ஆளுநரின் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்ததையும் பார்த்தோம், ஆளின் குணமும் ஒரு காரணம்தான். அதனால் ஒரே வருடத்தில், ஒரே விஷயத்தில், எல்லைக்கு இரண்டு பக்கமும் என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது. அதற்கு 2020-இல் ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது அரிதாகிவிட்டது. அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. தமிழ்நாடு 7.5 சதவீதம், புதுச்சேரி 10 சதவீதம். தமிழ்நாட்டு மசோதா 2020 செப்டம்பர் 15-ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ஒப்புதல் தராமல் வைத்திருந்தார். ஒரு மாதம் ஓடியது, கலந்தாய்வு நெருங்கியது. ஆக, இந்தப் பக்கமும் ஆளுநர் தடை இருந்தது.

ஆனால் தமிழ்நாடு அரசிடம் இன்னொரு கதவு இருந்தது. சட்டம் இயற்றும் அதிகாரம் எந்த விஷயத்தில் இருக்கிறதோ அந்த விஷயத்தில் நிர்வாக ஆணை போடும் அதிகாரமும் மாநிலத்துக்கு உண்டு என்கிறது அரசியல் சட்டத்தின் 162-ஆம் பிரிவு. மசோதா ராஜ்பவனில் இருக்கும்போதே அக்டோபர் 29-ஆம் தேதி அதே ஒதுக்கீட்டை அரசாணையாகப் போட்டுவிட்டார்கள். மறுநாள் ஆளுநர் மசோதாவில் கையெழுத்துப் போட்டார். அந்த வருடமே ஏறத்தாழ 400 அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவம், பல் மருத்துவம் சேர்ந்தார்கள்.

புதுச்சேரி அமைச்சரவையும் அதே அக்டோபரில் முடிவெடுத்தது. அங்கே அந்தக் கதவு கிடையாது, ஏனென்றால் ஆணை போடுவதற்கும் துணைநிலை ஆளுநரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஃபைலை மத்திய அரசுக்கு அனுப்பினார். அது அங்கேயே தங்கிவிட்டது. அந்த அரசு போனது, துணைநிலை ஆளுநரும் மாறினார், புதிய அரசு வந்து மறுபடி முயன்றது. டெல்லியின் ஒப்புதல் 2023-இல்தான் வந்து, அந்த வருடச் சேர்க்கையில் 10 சதவீதம் அமலுக்கு வந்தது. 2020-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பாகூர்ப் பிள்ளைக்கும் கடலூர்ப் பிள்ளைக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஒருவருக்கு ஒதுக்கீடு கிடைத்தது, இன்னொருவருக்கு அந்த வயதில் கிடைக்கவே இல்லை.

இரண்டு இடத்திலும் டெல்லி நியமித்தவர்தான் தடுத்தார். வித்தியாசம் எங்கே வந்தது? தமிழ்நாட்டு ஆளுநர் தாமதிக்க முடியும், ஆனால் முடிவை மாற்ற முடியாது. அவர் தாமதித்தால் அரசுக்கு வேறு வழி உண்டு, நீதிமன்றமும் உண்டு. 2025 ஏப்ரலில் பத்து மசோதாக்கள் தொடர்பாகத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வென்றது அந்த வழியில்தான். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன அரசியல் சாசன அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆகவே கடலூர்ப் பக்கம் எல்லாம் வழவழவென்று ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. இங்கேயும் இழுபறி நடக்கிறது. ஆனால் அது இரண்டு உரிமையாளர்களுக்கு நடுவிலான இழுபறி. புதுச்சேரியில் ஒருவர் உரிமையாளர், ஒருவர் குத்தகைக்காரர்.

அதிகாரத்தைக் கொடுத்தவர் கையில் இருக்கும் இன்னொரு கருவி நியமன எம்.எல்.ஏ. புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுப்பது 30 பேர். அத்துடன் 3 பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம் என்கிறது 1963 சட்டத்தின் 3-ஆம் பிரிவு. வெகுகாலம் இது பெரிய பிரச்சினையாக இல்லை, ஆளும் கட்சியைக் கேட்டு நியமித்துவந்தார்கள். 2017-இல் முதலமைச்சரைக் கேட்காமலே மத்திய அரசு பாஜகவைச் சேர்ந்த மூவரை நியமித்தது. சபாநாயகர் உள்ளே விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 டிசம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: மாநில அமைச்சரவையைக் கேட்கத் தேவையில்லை, அந்த மூவரும் பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் மற்றவர்களைப் போலவே ஓட்டுப் போடலாம்.

2021 பிப்ரவரி 22-இல் அந்த மூன்று ஓட்டுக்கு வேலை வந்தது. வரிசையாக எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்ததால் சபையில் மீதி இருந்தவர்கள் 26 பேர். அரசுப் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12. எதிர்ப்பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 11, நியமன உறுப்பினர்கள் 3, ஆக 14. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சபாநாயகர் முதலில் ஓட்டுப் போட மாட்டார், சமமாக நின்றால்தான் போடுவார். நியமன மூவர் இல்லையென்றால் 11-க்கு 11, சபாநாயகர் ஓட்டில் அரசு அன்றைக்குத் தப்பியிருக்கும். மூவர் இருந்ததால் கணக்கு 11-க்கு 14 ஆனது. நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. கட்சி தாவல்தான் பெரிய காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் மக்கள் தேர்ந்தெடுக்காத மூன்று ஓட்டை மேலே இருக்கும் அரசு போட்டுவைக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஒன்றே ஒன்று. மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதை நிதிக்குழு பரிந்துரைக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு பகிரத்தக்க வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது, அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். குறைவு என்று சென்னையில் திட்டுகிறார்கள், ஆனால் அது உரிமையாக வரும் பங்கு. புதுச்சேரிக்கு அந்தப் பங்கே கிடையாது. நிதிக்குழுவின் கணக்கில் மாநிலங்கள் மட்டும்தான். அதற்குப் பதில் ஒவ்வொரு வருடமும் மத்திய உள்துறையின் ஒதுக்கீட்டிலிருந்து மானியம் வரும். 2023-24-இல் 11,600 கோடி ரூபாய் பட்ஜெட்டில் புதுச்சேரி தானே திரட்டுவது 6,000 கோடிக்குச் சற்று மேல், மத்திய மானியம் 3,000 கோடிக்குச் சற்று மேல், மீதியில் பெரும்பகுதி கடன். இதில் வேடிக்கை, ஜிஎஸ்டி என்று வந்தால் புதுச்சேரி மாநிலமாகிவிடும். ஜிஎஸ்டி கவுன்சிலில் அதற்கு இடமும் ஓட்டும் உண்டு, தன் சொந்த ஜிஎஸ்டி சட்டமும் உண்டு. வரி வாங்கும்போது மாநிலம், பங்கு பிரிக்கும்போது யூனியன் பிரதேசம். திரிசங்கு சொர்க்கம் என்று புதுச்சேரி அரசியல்வாதிகள் சொல்வது வெறும் மேடைப்பேச்சு இல்லை.

இதே வடிவத்தைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் பார்க்கலாம். இலங்கை அரசியலமைப்பின் 2-ஆம் உறுப்புரை அதை ஒற்றையாட்சி நாடு என்கிறது. 1987-இல் 13-ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தபோது, இது கூட்டாட்சி ஆகிவிடாதா என்ற கேள்வி அங்கே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர், ஆகாது என்றார்கள். மாகாண சபைகள் மத்திக்குக் கீழ்ப்பட்டவை என்பது அவர்கள் சொன்ன காரணம். அது எவ்வளவு உண்மை என்பது பின்னால் தெரிந்தது. காணியும் போலீசும் பட்டியலில் எழுதப்பட்டும் கைக்கு வரவில்லை. வட மாகாண சபைக்கு 2013-இல் தேர்தல் நடந்தது, 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தேர்தலே இல்லாமல் ஜனாதிபதி நியமித்த ஆளுநரே மாகாணத்தை நடத்திவந்தார். எந்தச் சட்டத்தையும் ரத்து செய்ய வேண்டியிருக்கவில்லை. தேர்தல் தேதியைக் குறிக்காமல் இருந்தாலே போதுமாக இருந்தது.

இதைப் படித்துவிட்டுக் கடலூர்க்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியக் கூட்டாட்சியின் அடித்தளத்திலேயே ஒரு ஒற்றையாட்சிக் கல் இருக்கிறது. அது அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவு. ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம், எல்லையை மாற்றலாம், பெயரை மாற்றலாம். நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அதை ஏற்க வேண்டியதில்லை. 2014-இல் ஆந்திரச் சட்டமன்றம் மறுத்தும் தெலங்கானா பிறந்தது. 2019-இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஜம்மு காஷ்மீர் என்ற மாநிலமே இரண்டு யூனியன் பிரதேசங்களாக ஆனது. அதற்கான சட்டத்தில், புதுச்சேரிக்குப் பொருந்தும் 239ஏ பிரிவு ஜம்மு காஷ்மீருக்கும் பொருந்தும் என்று எழுதினார்கள். எங்கள் பக்கத்து ஊரின் அச்சை எடுத்துப் போய் இமயமலையில் ஒரு மாநிலத்தை வார்த்தார்கள்.

புதுச்சேரி ஏன் இப்படியே நின்றது என்பதற்கு வரலாறு உண்டு. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. பிரான்ஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அடுத்த ஆண்டே 1963 சட்டம் வந்தது. காரைக்கால் தஞ்சைப் பக்கம், மாஹே கேரளத்தில், ஏனாம் ஆந்திரத்தில் என்று சிதறிக் கிடக்கும் நாலு துண்டை ஒரு தற்காலிக ஏற்பாட்டில் வைத்தார்கள் என்றே அப்போது பலரும் நினைத்தார்கள். பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று 1979-இல் மொரார்ஜி தேசாய் பேசியபோது புதுச்சேரியே கொந்தளித்தது, பேச்சு கைவிடப்பட்டது. தமிழ்நாட்டோடு சேர மாட்டோம் என்பதில் அன்றிலிருந்து அங்கே கட்சி பேதமே இல்லை. சேராமல் இருந்தாயிற்று, மாநிலமாகவும் ஆகவில்லை.

அரிசி? அது வந்துவிட்டது. 2024 தீபாவளி சமயத்தில் ரேஷன் கடைகளைத் திறந்தார்கள், அக்கா வீட்டுக்கும் அரிசியும் சர்க்கரையும் வந்தன. அதற்குள் 44-ஆம் பிரிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. முதலமைச்சர் ரங்கசாமியின் கூட்டணியும் டெல்லிக் கூட்டணியும் ஒன்றாக இருந்தன, துணைநிலை ஆளுநரும் அதற்கு ஒத்துப்போனார், அவ்வளவுதான். அந்த ரங்கசாமியும்கூடத் தன் கையில் அதிகாரம் இல்லை, ஒவ்வொரு ஃபைலுக்கும் அலைய வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டிருக்கிறார்.

மாநில அந்தஸ்து வேண்டும் என்று புதுச்சேரிச் சட்டமன்றம் இதுவரை பத்துத் தடவைக்கு மேல் தீர்மானம் போட்டிருக்கிறது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் சேர்ந்து ஒருமனதாகப் போட்டதும் உண்டு. தீர்மானம் நிறைவேறிய அன்று அக்கா போன் செய்து, "இந்தத் தடவை கிடைச்சிடுமாடா?" என்று கேட்டாள். தீர்மானம் முதலில் சட்டமன்றத்திலிருந்து ராஜ்நிவாஸுக்குப் போக வேண்டும், துணைநிலை ஆளுநர் அதை டெல்லி உள்துறைக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்றேன். "அதுக்கும் அவங்ககிட்டதான் போகணுமா?" என்றாள்.